மொய் நோட்டில் ஒரு கட்டம்

நெய்வேலியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதனால் பலருக்கு ஓய்வும் புதுமனை புகுவிழாவும் ஒரே வருடத்தில் வந்துவிடுகின்றன. வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ கட்டிய வீட்டுக்கு, முப்பது வருடம் ஒரே ஷிப்டில் இருந்தவர்களெல்லாம் திரண்டு வந்து மொய் வைக்கிறார்கள். அந்தக் கவர்களுக்கு வருமான வரிக் கணக்கில் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது பெற்றவரின் வருமானம். ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்று சட்டம் பார்ப்பதில்லை; எல்லாரும் கொடுத்ததைக் கூட்டிப் பார்க்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூன் மாதப் புதுமனை விழாவில் நண்பர்கள் மொய் 42,000. உறவினர் மொய் 30,000. உறவினர் பணத்துக்கு வரி இல்லை, விட்டுவிடலாம். பிப்ரவரியில் அறுவை சிகிச்சைச் செலவுக்கென்று பழைய நண்பர் ஒருவர் 9,000 தருகிறார். நண்பர்கள் கொடுத்தது இப்போது 51,000. மிஞ்சிய ஆயிரத்துக்கு மட்டும் வரி என்று நினைத்துவிடக் கூடாது. 51,000 முழுவதும் வருமானத்தில் சேரும். 20 சதவீத வரம்பில் இருப்பவர் செஸ்ஸோடு 10,608 ரூபாய் கட்ட வேண்டும். சரியாக 50,000 வந்திருந்தால் ஒரு ரூபாய்கூட வரி இல்லை.

உறவினர் யார் என்பதிலும் நம் வழக்கம் வேறு, சட்டம் வேறு. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே மருமகன் பின்னாளில் மாமனுக்குக் கொடுத்தால், சட்டத்தின் பட்டியலில் அவன் மாமனுக்கு உறவினன் அல்ல. சித்தப்பா மகனும் அத்தை மகனும் அப்படியே. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் பரிசுக்கு விலக்கு உண்டு. காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் புதுமனைக்கும் கிடையாது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மொய் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்; வாங்கியவர் அதை லாபமாக நினைப்பதில்லை. ஆனால் நாம் மற்றவர்களுக்குச் செய்த மொய்யை இதில் கழிக்கச் சட்டத்தில் வழி வைக்கவில்லை. 2004-இல் இந்த ஏற்பாடு வந்தபோது வரம்பு 25,000. 2006-இல் 50,000 ஆக்கினார்கள், அதோடு சரி. இருபது வருட விலைவாசி அதைத் தொடவே இல்லை. வரம்பை உயர்த்த வேண்டும். தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று மாற்றவும் வேண்டும்.

அதுவரை, மொய் எழுத உட்காருபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். ஊர், பெயர், தொகையோடு என்ன உறவு என்பதற்கும் ஒரு கட்டம் போடட்டும். அதிகாரி கேட்டால் உறவினர் பணத்தைப் பிரித்துக் காட்ட அந்த நோட்டுதான் கையில் இருக்கும். ரிட்டர்ன் போடும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள். போட்ட பிறகும் சில வருடம் தூக்கி எறியாதீர்கள்.