பூச்சியத்தின் கீழ் இறங்காத புள்ளி

பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள் மாணாக்கன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, தெரியாத வினாக்களை எல்லாம் வெறுமையாக விட்டுவிட்டேன். அது பிழையா?" என்று கேட்டான். பிழையன்று என்றே அவனுக்கு விடையிறுத்தேன். ஆனால், அன்றிரவு கடுதாசியும் பென்சிலும் கொண்டு கணக்குப் பார்த்தபோது, பிழை என் பக்கத்தில் இருப்பது தெளிவாயிற்று.

வினாத்தாளை அமைத்தவன் நானே. அதில் 25 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவற்றுள் சரியானவை இரண்டு. உதாரணமாக, "பின்வருவனவற்றுள் முலையூட்டிகள் எவை?" என்று கேட்டு, வௌவால், சுறா, திமிங்கிலம், முதலை என்று கொடுத்திருந்தேன். சரியான விடைக்கு இட்ட புள்ளடிக்கு ஒரு புள்ளி. பிழையான விடைக்கு இட்டதற்கு ஒரு புள்ளி கழிவு. வௌவாலை மட்டும் அறிந்தவனுக்கு ஒரு புள்ளி; வௌவாலையும் சுறாவையும் தெரிந்தவனுக்குப் பூச்சியம். இதுவரை குறை கூற இடமில்லை.

இதனோடு கருணை கொண்டு இன்னொரு விதியையும் சேர்த்திருந்தேன். எந்த வினாவிலும் புள்ளி பூச்சியத்துக்குக் கீழ் இறங்காது என்பதே அது. ஒரு வினாவில் செய்த பிழை மற்றொரு வினாவில் ஈட்டிய புள்ளியைத் தின்றுவிடலாகாது என்பது என் நோக்கம். அந்த நோக்கம் நல்லதே, விளைவுதான் வேறாயிற்று.

வினாவைப் பற்றி எள்ளளவும் அறியாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரேயொரு புள்ளடி இடுகிறான் என்று கொள்வோம். அது சரியாக அமைவதற்கும் பிழையாக அமைவதற்கும் வாய்ப்புச் சமமே. சரியானால் ஒரு புள்ளி கிடைக்கும். பிழையானால் ஒரு புள்ளி குறையவேண்டும். இரண்டும் ஈடாகி, சராசரியில் அவனுக்கு ஒன்றும் எஞ்சாது. குறைப்புப் புள்ளியின் பயனே இதுதான். ஆனால், என் விதிப்படி பிழைக்கு அவன் பெறுவது பூச்சியமே. ஆதலால் சராசரியில் அரைப் புள்ளி அவன் கைக்கு வருகிறது. 25 வினாக்களிலும் இவ்வாறே செய்தால், 50 புள்ளிகளுள் பன்னிரண்டரை, அதாவது காற்பங்கு, அறிவின்றியே வந்து சேரும்!

இனி இரு மாணாக்கரை ஒப்பிட்டு நோக்குவோம். முதலாமவன் 10 வினாக்களை முழுமையாக அறிந்தவன். ஏனைய 15 வினாக்களையும் வெறுமையாக விட்டான். அவனுக்கு 20 புள்ளி. இரண்டாமவன் அறிந்தவை 8 வினாக்களே. அவற்றுக்கு 16 புள்ளி. எஞ்சிய 17 வினாக்களிலும் ஒவ்வொரு புள்ளடி இட்டு வைத்தான். அதனால் சராசரியில் எட்டரைப் புள்ளி சேர, அவன் 24½ பெற்று முந்திவிடுகிறான். என்னிடம் வந்து வினவிய மாணாக்கன் முதலாமவனைப் போன்றவன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வௌவாலை உறுதியாக அறிந்தவன் கையில் ஒரு புள்ளி இருக்கிறது. அவன் மேலும் ஒன்றை ஊகித்தால், மூன்றில் ஒரு வாய்ப்பில் இரண்டு புள்ளி ஆகும். மூன்றில் இரண்டு வாய்ப்பில் உள்ளதும் போகும். ஆகவே அவன் அஞ்சி நிற்கிறான். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கோ இழப்பதற்கு எதுவுமில்லை. தண்டம் பாதி அறிந்தவனைத் தடுக்கிறது. அறியாதவனைத் தீண்டாமல் விடுகிறது.

பரிகாரம் எளிது. வினாக்களில் குறைப்புப் புள்ளிகளை அப்படியே நிற்கவிட்டு, எல்லாவற்றையும் கூட்டிய பின்னர், மொத்தம் பூச்சியத்துக்குக் கீழ் இறங்கினால் மாத்திரம் அதைப் பூச்சியமாகக் கொள்ளவேண்டும். அப்பொழுது கண்மூடிப் புள்ளடி இடுபவனின் சராசரிப் பேறு பன்னிரண்டரையிலிருந்து ஏறத்தாழ இரண்டாகச் சுருங்கும். மேற்கூறிய இருவரும் 20 என்றும், சராசரியில் 16 என்றும் தத்தம் இடத்தில் நிற்பர். இந்த விதியைப் பரீட்சைக்கு முன்பே மாணாக்கருக்கு அறிவித்தல் வேண்டும்.

கணினியில் வினாக்கொத்து நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. பல கல்லூரிகளில் வழங்கும் மூடில் என்னும் முறை, பல விடை தெரியும் வினாக்களை ஒவ்வொன்றாகவே பூச்சியத்தில் நிறுத்திவிடும். அதில் பிழையான விடைகளுக்குக் கழிவு குறிக்க மறந்தாலோ, நான்கிலும் புள்ளடி இட்டவனுக்கு முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். அங்கே நம்மால் இயன்றது, என் வினாத்தாளைப் போன்ற அமைப்பில் காற்பங்கு வரை வெறும் ஊகத்தால் வரக்கூடும் என்பதை மனத்திற்கொண்டு சித்திக்கான எல்லையை வகுப்பதே. இரண்டு விடை வேண்டிய இடங்களில் ஒற்றைப் புள்ளடியே வரிசையாகக் காணப்படும் விடைத்தாள், அத்தகைய ஊகத்துக்கு ஓர் அடையாளமாகலாம். பாதி அறிந்து அஞ்சியவனும் அவ்வாறே இடுவான் ஆதலின், அது மட்டும் சான்றாகாது.

அடுத்த வாரம் அந்த மாணாக்கனை அழைத்து, "பிழை உன்னுடையதன்று, விதியினுடையது" என்றேன். வெளியான பெறுபேற்றை மாற்ற இயலவில்லை. அடுத்த தவணை வினாத்தாளின் முகப்பில் புதிய விதியை எழுதிவிட்டேன்.