விடியற்காலைக் கனவும் தம்பியின் மௌனமும்

“விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும்.” எங்கள் பாட்டி இதைச் சொன்னது தம்பியைப் பயமுறுத்த அன்று. உண்மையில் பயந்துபோயிருந்தது பாட்டிதான்.

தம்பிக்கு வயது 13. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். அவன் கண்ட கனவு இதுதான்: பாட்டியும் அவனும் எம்ஆர்டி நிலையத்தில் நிற்கிறார்கள். அவன் முதலில் ஏறிவிடுகிறான். பாட்டி ஏறுவதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. அவன் கண்ணாடியைத் தட்டத் தட்ட ரயில் கிளம்பிவிடுகிறது.

காலையில் அழுதுகொண்டே சொன்னான். “எத்தனை மணிக்குக் கண்டே?” என்று கேட்டார் பாட்டி. “அஞ்சு மணி இருக்கும்” என்றதும் அவர் முகம் மாறியது. “ராத்திரி முழுக்க போனைப் பார்த்தா வேற என்ன கனவு வரும்?” என்றார் அம்மா. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றார் அப்பா. நான் சிரித்தேன். ஆளுக்கொரு விதமாக நாங்கள் நால்வரும் சேர்ந்து அவன் வாயை அடைத்துவிட்டோம்.

அதன்பின் அவன் கனவைப் பற்றிப் பேசவே இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினான். படுக்கப் போவதைத் தள்ளிப்போட்டான். பாட்டியோ தேக்கா சந்தைக்குத் தனியாக ரயிலில் போவதை நிறுத்திவிட்டார்.

இந்த நிலையில்தான், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்த ஓர் உரைக்கு அம்மாவுடன் போனேன். கெட்ட கனவுகளைக் குடும்பத்தில் எப்படிப் பேசுவது என்பது தலைப்பு. மனநல ஆலோசகர் ஒருவர் இருபது நிமிடம்தான் பேசினார். கேள்வி நேரம் அதைவிட நீண்டது.

முதல் கேள்வியே ஒரு பெரியவருடையது: “அப்படின்னா விடியற்காலைக் கனவு பலிக்காதா?” ஆலோசகர் அவரைக் கேலி செய்யவில்லை. நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது என்று விளக்கினார். தெளிவான கனவுகள் பெரும்பாலும் வரும் ‘ரெம்’ உறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போய், விடியும் நேரத்தில்தான் மிக நீளமாக இருக்கும். அந்த நேரத்தில் நாம் விழித்துக்கொள்வதால் கனவும் நினைவில் தங்கிவிடுகிறது. விடியற்காலைக் கனவுக்குத் தனி வலிமை இருப்பதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அது வரப்போவதைச் சொல்வதில்லை. நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கவலையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது.

இதைக் கேட்டபோதுதான் எனக்குத் தம்பியின் கனவு புரிந்ததுபோல் இருந்தது. சில மாதங்களுக்குமுன் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவனிடம் சரியாகப் பேசவே இல்லை.

ஆலோசகர் இன்னொரு வேறுபாட்டையும் சொன்னார். தூங்கிய முதல் சில மணி நேரத்தில் சிறு பிள்ளை திடீரென அலறி எழுந்து, நம்மை அடையாளம் தெரியாததுபோல் பார்த்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது கெட்ட கனவு அன்று. ஆழ்ந்த உறக்கத்தில் வரும் இரவு அச்சம். அப்போது பிள்ளையை உலுக்கி எழுப்பக்கூடாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். காலையில் அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதில் பயனில்லை.

கெட்ட கனவு கண்டு விழித்த பிள்ளையிடம் அந்த இரவில் பேச வேண்டியது மிகக் குறைவு. “நான் இங்கேதான் இருக்கேன், நீ வீட்டில்தான் இருக்கே” என்றால் போதும். அர்த்தம் தேடுவது, யார் தவறு என்று பார்ப்பது எல்லாம் அந்த நேரத்துக்கு உரியவை அல்ல. மறுநாள் பகலில், “என்ன அர்த்தம்?” என்று கேட்காமல், “அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் பேசலாம் என்றார் ஆலோசகர். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பள்ளி நாள்களில் எங்கள் வீட்டில் காலை நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அவசரத்தில் பேசியதால்தான் அன்று நாங்கள் நால்வரும் தவறினோம். நாங்கள் சனிக்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுத்தோம்.

பின்பற்றியது எளிய முறைதான். கனவைச் சில வரிகளில் எழுத வேண்டும். பிறகு கண்டவரே அதைத் தம் விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும். மாற்றியதைப் பகலில் தினமும் பத்து, இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரி கிராக்கோவ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2001ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இம்முறையால் கெட்ட கனவுகள் குறைந்தன. அங்கே அதைப் பயிற்சி பெற்றவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் நாம் செய்வது அதன் எளிய வடிவம்தான்.

தம்பி மாற்றி எழுதியதில், கதவு மூடும் நேரத்தில் பாட்டி குடையை நீட்டுகிறார். கதவு திறந்துகொள்கிறது. “நிஜத்துல அப்படிச் செய்யக்கூடாது” என்று அவனே ஒரு குறிப்பும் எழுதினான். “எந்தக் குடை, பூப்போட்டதா?” என்று கேட்டார் பாட்டி. வெகு நாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவன் மெதுவாகக் கேட்டான்: “நான் கனவைச் சொன்னதால உங்களுக்கு ஏதாவது ஆயிடுமா பாட்டி?” அத்தனை நாளும் அவன் சுமந்தது இந்தக் கேள்வியைத்தான்.

கனவு உடனே நின்றுவிடவில்லை. அடுத்த வாரம் இருமுறை வந்தது, அதற்கடுத்த வாரம் ஒருமுறை. ஆனால் விழித்ததும் எங்களைக் கூப்பிட்டான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினான்.

பாட்டி இன்றும் அவன் நெற்றியில் விபூதி பூசுகிறார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கை தரும் ஆறுதல் உண்மையானது. விட வேண்டியது “பலிக்கும்” என்ற ஒரு சொல்லை மட்டுமே. “போன்தான் காரணம்” என்பதும் அப்படித்தான். இரவில் போனைக் குறைக்க வேண்டுமானால் அதை இன்னொரு நாள் பேசலாம். அழும் பிள்ளைக்கு அது தீர்ப்பாகத்தான் கேட்கும்.

வீட்டுப் பேச்சால் மட்டும் தீராதவையும் உண்டு. கெட்ட கனவு வாரந்தோறும் வந்து பல வாரம் நீடித்தால், தூங்கவே பயந்தால், நடந்த கொடுமை ஒன்று அப்படியே திரும்பத் திரும்ப வந்தால், மாற்றி எழுதும் வேலையை வீட்டில் தொடங்காமல் பலதுறை மருந்தகத்தையோ பள்ளி ஆலோசகரையோ நாட வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் மான்டிலூகாஸ்ட் போன்ற சில மருந்துகளாலும் கெட்ட கனவு வரலாம். புதிதாக மருந்து தொடங்கியிருந்தால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணமும் சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

உங்கள் வீட்டிலும் தம்பியோ தங்கையோ அழுதபடி எழுந்து வரலாம். அன்று நான் செய்ததுபோல் சிரித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். போன வாரம் பாட்டி தேக்காவுக்குக் கிளம்பினார், பூப்போட்ட குடையுடன். தம்பியும் கூடப் போனான். ரயிலில் பாட்டியை முதலில் ஏற்றிவிட்டுத்தான் அவன் ஏறினானாம்.