சர்ட்டிபிகேட் மறக்காது, கை மறந்துவிடும்

எங்கள் திரேஸ்புரத்தில் சங்குக்குளிக்கு ஆள் எடுக்கிறவரிடம் போய், "பத்து வருஷத்துக்கு முன்னால் நல்லா முங்குவேன், அதற்குச் சீட்டு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "சரிய்யா, இப்ப முங்கிக் காட்டு" என்பார். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் நம் அரசாங்கம் சீட்டைப் பார்த்தே திருப்திப்பட்டுவிடுகிறது. வாழ்நாளில் பாதியை அந்த நாற்காலியில் கழித்தவன் நான். இது சரியில்லை என்று இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு கஷ்டமானதுதான். ஆங்கிலத்தில் ஹையர் பாஸ் பண்ண நிமிஷத்துக்கு 120 வார்த்தை எடுக்க வேண்டும். ஹை ஸ்பீடு என்றால் 150க்கு மேல். மாதக்கணக்காக இன்ஸ்டிடியூட் படியேறிப் பாஸ் பண்ணுகிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. சுருக்கெழுத்துத் தட்டச்சர் வேலை குரூப் 4 தேர்வில் வருகிறது. அந்தப் பரீட்சையில் கேட்பது தமிழும் பொது அறிவும். பாஸானால் சர்ட்டிபிகேட்டைச் சரிபார்த்து வேலை கொடுப்பார்கள். பென்சிலைக் கையில் கொடுத்து, "நான் சொல்கிறேன், எழுது" என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதில் வாங்கிய சர்ட்டிபிகேட், முப்பத்திரண்டு வயதிலும் அப்படியே செல்லும்.

இடையில் கைக்கு என்ன ஆகிறது? பிட்மன் முறையில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்தைப் புள்ளியாகவும் சிறு கோடாகவும் பக்கத்தில் வைக்க வேண்டும். வேகமாக எழுதும்போது அதை வைக்க நேரம் கிடையாது. வலை, விலை, வேலை மூன்றுக்கும் கோடுகள் ஒன்றேதான். அதைக் கோட்டுக்கு மேலே எழுதினோமா, கோட்டில் உட்கார வைத்தோமா, கோட்டை வெட்டி எழுதினோமா என்பதை வைத்துத்தான் எந்த வார்த்தை என்று தெரியும். ஆங்கிலத்திலோ மெல்லிய கோடு ஓர் ஒலி, தடித்த கோடு இன்னோர் ஒலி. குளிரைச் சொல்லும் கோல்டும் தங்கத்தைச் சொல்லும் கோல்டும் அந்தத் தடிப்பில்தான் வேறுபடும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் அதுவும் போச்சு. பழக்கம் விட்டவனுக்கு முதலில் குறைவது வேகமல்ல. இந்த இடமும் தடிப்பும்தான் முதலில் தப்பும். எழுதி முடித்துவிடுவான், திரும்பப் படிக்கும்போதுதான் திணறுவான்.

நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். வல்லத்தில் விசைப்படகு மோதிய வழக்கு. பாதிக்கப்பட்டவருக்கு வலையின் விலையும், வேலை இழந்த நாட்களுக்கான தொகையும் தர வேண்டும் என்று நீதிபதி சொன்னார். புதிதாக வந்த தம்பி "வேலையிழப்பு" என்று இரண்டு இடத்திலும் தட்டியிருந்தார். வாக்கியம் படிக்கச் சரியாகவே இருந்தது. நூறு தாளுக்கு நடுவே நீதிபதியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வலைக்கான பணம் தீர்ப்பிலேயே இல்லாமல் போயிற்று. எழுத்துப் பிழையைத் திருத்த சிவில் நடைமுறைச் சட்டம் 152வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மனுப் போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷன் நாலு மாசம் கடலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தார். தம்பியைத் திட்டி என்ன பயன்? ஒன்பது வருஷம் அவர் ஒரு வரி ஷார்ட்ஹேண்ட் எழுதியதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

"அரசாங்கப் பரீட்சை பாஸானவனுக்கு மறுபடியும் பரீட்சையா?" என்று என் சங்க நண்பர்கள் கோபப்படுகிறார்கள். மத்திய அரசின் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் வைக்கிறதே! எழுத்துத் தேர்வில் தேறினாலும், சி கிரேடுக்கு நிமிஷத்துக்கு 100 வார்த்தை, டி கிரேடுக்கு 80 வார்த்தை வேகத்தில் பத்து நிமிஷம் டிக்டேஷன் கொடுத்து, கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். மக்களவையிலாவது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரிப்போர்ட்டர் மாறி மாறி எழுதுகிறார். சின்ன ஊர்க் கோர்ட்டில் காலை முதல் சாயங்காலம் வரை ஒரே ஆள். அவரைத்தானே அதிகமாகச் சோதித்து எடுக்க வேண்டும்?

அந்தச் சோதனையிலும் ஒன்று மாற வேண்டும். நிமிஷத்துக்கு 100 வார்த்தை வீதம் பத்து நிமிஷத்தில் ஆயிரம் வார்த்தை. எல்லாப் பிழையும் ஒரே கணக்கு என்று எண்ணக் கூடாது. "ஆகவே" விட்டுப் போனால் குடி முழுகாது. "இல்லை" விட்டுப் போனால் முழுகும். தொகை, தேதி, பெயர், "இல்லை" இவற்றில் தப்பினால் மதிப்பெண்ணைக் கூடுதலாகக் குறையுங்கள்.

இந்த ஊருக்கு இது புதுக் கதையுமல்ல. 1908இல் வ.உ.சி. பேசிய பேச்சுக்காகத்தான் அவரைத் தண்டித்தார்கள். அவர் என்ன பேசினார் என்பதற்குக் கோர்ட்டில் வைத்தது போலீஸார் எடுத்த குறிப்பு. எழுதுகிறவன் கையில் ஒரு மனுஷன் வாழ்க்கையே இருக்கிறது. அந்தக் கை இன்றைக்கு எழுதுமா என்று வேலைக்கு எடுக்கும் நாளில் பத்து நிமிஷம் சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.