ரத்துச் சீட்டை நீக்குவது தூய்மையாக்கலா?

விற்பனைத் தரவைக் கொண்டு டாஷ்போர்டு அமைக்கப் பழகும் மாணவர் பலரும் முதலில் கையில் எடுப்பது யுசிஐ களஞ்சியத்தின் ‘ஆன்லைன் ரீட்டெய்ல்’ தரவுத்தொகுதி. பிரிட்டனைச் சேர்ந்த பரிசுப்பொருள் இணைய அங்காடி ஒன்றின் பதிவுகள் அவை: 1 டிசம்பர் 2010 முதல் 9 டிசம்பர் 2011 வரை, 5,41,909 வரிகள். நாள்வாரி விற்பனை, சராசரி ஆர்டர் மதிப்பு, மீண்டும் வாங்கும் வாடிக்கையாளர் என்னும் மூன்று கட்டங்களும் ஒரு பிற்பகலில் திரையில் வந்துவிடுகின்றன. அவை எதை எண்ணுகின்றன என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

இத்தொகுதியில் ஒரு வரி என்பது ஓர் ஆர்டர் அன்று. ஆர்டருக்குள் அடங்கிய ஒரு பொருள். வரிகளின் மதிப்புக்கு நேரடியாகச் சராசரி கண்டால் ஏறத்தாழ 18 பவுண்டு வரும். சொற்களை எண்ணிவிட்டு வாக்கியங்களை எண்ணியதாகச் சொல்வதற்கு ஒப்பான பிழை இது. மொத்தத் தொகையைத் தனித்த இன்வாய்ஸ் எண்களான 25,900-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 376. ஆனால் அவற்றுள் 3,836 எண்கள் C என்னும் எழுத்தில் தொடங்கும் ரத்துச் சீட்டுகள்; அவை ஆர்டர்களே அல்ல. அவற்றின் எதிர்மறைத் தொகையைக் கணக்கில் வைத்துக்கொண்டு, வகுக்கும் எண்ணிலிருந்து மட்டும் விலக்கினால் ஏறத்தாழ 442 பவுண்டு வரும். தரவு ஒன்றே, விடைகள் மூன்று.

பயிற்சிக் குறிப்புகள் இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகத் தரும் மருந்து ஒற்றை வரிதான்:

```python
df = df[~df.InvoiceNo.astype(str).str.startswith("C")]
```

இதற்குத் ‘தூய்மையாக்கல்’ என்று பெயர். உண்மையில் இது அழுக்கைச் சேர்க்கிறது. தொகுதியின் கடைசி நாளான 9 டிசம்பர் 2011 காலை 9.15 மணிக்கு, 16446 என்னும் வாடிக்கையாளர் எண்ணில் ஒரே காகிதப் பறவைப் பொருள் 80,995 எண்ணிக்கையில் பதிவாகிறது. விலை 2.08 வீதம், மொத்தம் 1,68,469.60 பவுண்டு. பன்னிரண்டு நிமிடம் கழித்து, 9.27-க்கு, C581484 என்னும் சீட்டு அதை முழுவதுமாக ரத்து செய்கிறது. ரத்து வரிகளைத் துடைத்தெறியும் டாஷ்போர்டில் ரத்து மறைகிறது, ஆர்டர் நிற்கிறது. விற்பனைக் கோடு கடைசி நாளில் வானளாவ எழும். அந்நாளின் பதிவோ நண்பகல் கடந்ததும் 12.50-க்கே முடிந்துவிடுகிறது. இதே வாடிக்கையாளர் மே மாதத்தில் உண்மையில் வாங்கியது 2.90 பவுண்டுக்கு மட்டுமே. துடைத்த கணக்கில் அவருடைய சராசரி ஆர்டர் மதிப்பு 84,236.25 பவுண்டு, அங்காடியின் தலையாய புரவலர் அவர்தான்!

ரத்து வரிகளைத் துடைக்காமல் வைத்திருப்பவரும் மூன்றாவது கட்டத்தில் வழுக்குகிறார்.

```python
df.groupby("CustomerID").InvoiceNo.nunique() > 1
```

12346 என்னும் எண்ணுக்கு ஜனவரி 2011-இல் ஓர் ஆர்டர், பதினாறு நிமிடத்தில் அதன் ரத்து. இன்வாய்ஸ் எண்கள் இரண்டு என்பதால், நிகரமாக ஒரு காசுக்கும் வாங்காத அவர் ‘மீண்டும் வாங்கியவர்’ ஆகிறார். எனவே ஒரே வரைமுறை மூன்று கட்டங்களுக்கும் பொருந்தாது: விற்பனைத் தொகைக்கு ரத்து வரிகள் தேவை, ஆர்டர் எண்ணிக்கைக்கும் மீள்வரவுக்கும் ரத்தான ஆர்டரும் அதன் ரத்தும் சேர்ந்தே விலக வேண்டும். ரத்துச் சீட்டில் மூல ஆர்டரின் எண் இல்லாமையால், வாடிக்கையாளர், பொருள், அளவு ஆகியவற்றைப் பொருத்தித்தான் இணையைக் காண முடியும். பகுதி ரத்துகளில் இப்பொருத்தம் தடுமாறும்.

மேலும், 1,35,080 வரிகளில், அதாவது நான்கில் ஒரு பங்கில், வாடிக்கையாளர் எண்ணே இல்லை. பாண்டாஸின் `groupby` வெற்றுச் சாவிகளை எச்சரிக்கையின்றி விட்டுவிடும். விளைவு, விற்பனைக் கட்டம் எல்லோரையும் பேசுகிறது, மீள்வரவுக் கட்டம் பெயர் தெரிந்தவரை மட்டும் பேசுகிறது. பார்ப்பவரோ இரண்டும் ஒரே மக்களைப் பற்றியவை என நம்புகிறார்.

காலச் சாளரத்தின் மாயமோ இன்னும் நுட்பமானது. டிசம்பர் 2010-இல் எல்லோரும் ‘புதியவர்’, ஏனெனில் அதற்கு முன் தரவு இல்லை. ஆகவே மீள்வரவு விகிதம் மாதந்தோறும் தானாகவே ஏறும். அதை விசுவாச வளர்ச்சி என்று விளக்கும் ஆய்வறிக்கைகள் வியப்பளிக்கவில்லை, வருத்தமளிக்கின்றன. டிசம்பர் 2009-இலிருந்து தொடங்கும் இரண்டாம் பதிப்பை வைத்து ஒப்பிட்டால், அந்தப் ‘புதியவர்’களில் எத்தனை பேர் பழையவர்கள் என்பது தெரிந்துவிடும். முதல் ஆர்டரின் மாதவாரியாகக் குழு பிரித்து, ஒவ்வொருவரும் 90 நாட்களுக்குள் திரும்பினாரா என்று எண்ணுவதே நேர்மையான கணக்கு. அப்படிச் செய்தால் 10 செப்டம்பர் 2011-க்குப் பின் வந்தவர்களுக்கு அக்கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும், ஏனெனில் அவர்களின் 90 நாள் தரவுக்குள் இன்னும் முடியவில்லை.