நூற்றில் ஒரு நாள் மறைக்கும் நட்டம்

வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக வி.ஏ.ஆர்., ஒரு முதலீட்டுத் தொகுப்பின் இடரை ஒரே தொகையாகச் சொல்லும் அளவீடு. ஜே.பி. மார்கன் வங்கி 1994இல் தன் கணக்கீட்டு முறையை வெளியிட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது. இரண்டே ஆண்டுகளில், வங்கிகள் சந்தை இடருக்காக ஒதுக்க வேண்டிய மூலதனத்தை இதை வைத்துக் கணக்கிட பாசல் குழுவும் இடமளித்தது. அதோடு ஒரு நம்பிக்கையும் வேரூன்றியது: ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு இழக்க நேரும் என்பதை வி.ஏ.ஆர். சொல்லிவிடும் என்று. இந்த நம்பிக்கை தவறானது.

அந்தத் தொகை எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தாலே தவறு புலப்படும். 100 கோடி ரூபாய்த் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடந்த 500 வணிக நாள்களின் விலை மாற்றங்களை ஒவ்வொன்றாக இன்றைய தொகுப்பின்மேல் ஏற்றி, வரும் லாப நட்டங்களை வரிசைப்படுத்துவார்கள். கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் நட்டம் 2.3 கோடி என்றால், 99 சதவீத நம்பக அளவில் ஒருநாள் வி.ஏ.ஆர். 2.3 கோடி. அதைவிட மோசமான நான்கு நாள்களின் நட்டம் எவ்வளவு என்பது இந்த எண்ணில் இல்லவே இல்லை. அந்த நான்கும் தலா 3 கோடியாக இருந்தாலும், தலா 30 கோடியாக இருந்தாலும், அறிக்கையில் அதே 2.3 கோடிதான் வரும். ஆகவே இது நட்டத்தின் உச்சவரம்பு அன்று. மிக மோசமான நாள்களின் நட்டம் தொடங்கும் இடம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. சென்செக்ஸோடு ஒட்டி நகரும் 100 கோடித் தொகுப்பு அன்று 13 கோடியை இழந்திருக்கும்.

கடந்த கால விலைகளில் உண்மை இருக்கிறது, ஆகவே கணக்கு புறநிலையானது என்பது அடுத்த வாதம். ஆனால் எந்தக் கடந்த காலம் என்பதே இங்கு கேள்வி. சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கி 2008இல் தன் பங்குதாரர்களுக்கு அளித்த விளக்க அறிக்கை இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்க வீட்டுக் கடன்களைத் தொகுத்து உருவாக்கிய கடன் பத்திரங்களில், கடைசியாகத்தான் அடிபடும் என்று கருதப்பட்ட 'சூப்பர் சீனியர்' அடுக்கை அந்த வங்கி பெருமளவில் தன் கையிலேயே வைத்திருந்தது. ஏஏஏ தரப் பத்திரங்களின் ஐந்தாண்டு விலை வரலாற்றைக் கொண்டு இடர் அளக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளும் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலம். விலை ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் நகராது என்று அந்த வரலாறு காட்டியது. அந்தச் சிறு அளவுக்கு மட்டும் காப்பு வாங்கியதும், நிலை முழுவதும் காக்கப்பட்டதாகக் கருதப்பட்டு, வி.ஏ.ஆர். கணக்கில் அதன் இடர் பூச்சியமாகிவிட்டது. நட்டம் 2 சதவீதத்தைத் தாண்டினால் மிச்சம் முழுவதும் வங்கியின் தலையில் விழும் என்பதைக் காட்ட அந்த எண்ணுக்கு வழியே இல்லை. 2007இல் மட்டும் வங்கி சுமார் 18.7 பில்லியன் டாலரை நட்டமாக எழுத நேர்ந்தது. அதில் பெரும்பங்கு இந்த அடுக்கிலிருந்து வந்தது.

இதில் கணக்குப்பிழை ஏதும் இல்லை. அமைதியான காலத்து விலைகளை உட்கொண்டால் வி.ஏ.ஆர். சுருங்கும், சுருங்கியதால் வங்கி தனக்கு விதித்துக்கொண்ட வி.ஏ.ஆர். வரம்புக்குள் இன்னும் வாங்க இடம் கிடைக்கும். சரிவுக்கு முந்தைய நாள் எண் மிகத் தாழ்ந்தும் கையிருப்பு மிக அதிகமாயும் இருப்பது இதனால்தான். சரிவு வந்ததும் எண் ஏறி வரம்பை மீறும். அதே வரம்பைக் கடைப்பிடிக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முனைய, விலை இன்னும் விழும். ஒருநாள் எண்ணை 10இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பத்துநாள் எண்ணைப் பெறும் வழக்கமும் அப்போது உடைகிறது. ஒரு நாள் நகர்வு அடுத்த நாளைப் பாதிக்காது என்பது அந்தப் பெருக்கலின் அடிப்படை. பீதியில் ஒரு நாளின் சரிவே மறுநாள் விற்பனையைக் கிளப்புகிறது.

பின்சோதனை இருக்கிறதே என்பது ஆதரவாளர்களின் கடைசிப் பதில். உண்மையான நட்டம் வி.ஏ.ஆரைத் தாண்டிய நாள்களை எண்ணுவது பின்சோதனை. 99 சதவீத அளவில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மீறல்கள் இயல்பு; யூ.பி.எஸ்.ஸில் 2007இல் 29 வந்தன. சோதனை தவறைக் கண்டுபிடித்தது உண்மைதான், ஆனால் நட்டம் நேர்ந்த பிறகு. அதோடு, அது மீறிய நாள்களை எண்ணுகிறதே தவிர, எவ்வளவு தொகை மீறியது என்று பார்ப்பதில்லை.

பாசல் குழுவே இந்தக் குறைகளை ஏற்றுக்கொண்டது. 2016இல் அது வெளியிட்ட புதிய விதிகளில், மூலதனக் கணக்கு வி.ஏ.ஆரை விட்டு, மிக மோசமான 2.5 சதவீத நாள்களின் சராசரி நட்டத்துக்கு மாறியது. அந்தச் சராசரியும் நெருக்கடிக் காலத்து விலைகளுக்கு ஏற்பச் சரிசெய்யப்படுகிறது. எளிதில் விற்க முடியாதவற்றுக்குப் பத்து நாளுக்குப் பதில் 120 நாள் வரை அவகாசம் கணக்கில் கொள்ளப்படுகிறது. போதிய விலை வரலாறு இல்லாத இடர்களோ இந்தச் சராசரியில் சேர்வதில்லை; அவற்றுக்கு நெருக்கடிச் சூழலை வைத்துத் தனியாக மூலதனம் ஒதுக்க வேண்டும்.