மானியம் லாபமா?

நான் கணக்கு எழுதிய ஒரு கூட்டு வியாபாரத்தில் 10 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கினார்கள். அரசு மானியம் 2 லட்சம் வந்தது. அதை அந்த வருட லாபத்திலேயே சேர்த்துப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

இது தவறு என்பேன். இயந்திரம் பத்து வருடம் உழைக்கும் என்றால் மானியத்தின் பலனும் பத்து வருடத்துக்குப் பரவ வேண்டும். விலையில் கழித்து 8 லட்சம் என்று எழுதினால், வருடத் தேய்மானம் 1 லட்சத்துக்குப் பதில் 80,000 ஆகும். ஆண்டுதோறும் லாபம் 20,000 கூடும்.

அவர்கள் எழுதிய விதத்தில் முதல் வருட லாபம் 1,80,000 அதிகமாகத் தெரிந்தது. அடுத்த ஒன்பது வருடமும் 20,000 குறைந்தது. மூன்றாம் வருடம் புதிதாகச் சேர்ந்த பங்குதாரர், தான் பார்க்காத மானியத்துக்காகத் தன் பங்கில் இழந்தார்.