கடிதத்தின் தலையில் இரண்டு சொல்

வழக்கறிஞரிடமிருந்தோ காப்புறுதி நிறுவனத்திடமிருந்தோ வரும் கடிதங்களில், முகவரிக்குக் கீழே தடித்த எழுத்தில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க் கடிதமாக இருந்தால் 'தன்பா பிரெஜுடிஸ்'. இப்போது வாட்சப்பில் சண்டை போடுகிறவர்கள்கூட முதல் வரியில் இதைத் தட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பிள்ளையார் சுழி மாதிரி, எதற்கும் இருக்கட்டுமே என்று போடுகிறார்கள். பிள்ளையார் சுழியை எந்தக் காகிதத்திலும் போடலாம். இதை அப்படிப் போட முடியாது.

முதலில் பொருள். சிலர் இதைப் 'பாரபட்சமின்றி' என்று தமிழாக்குகிறார்கள். அது சரியாக வராது. 'என் நிலைக்குப் பாதகமின்றி' என்பதே இங்கே பொருள். வழக்கை முடித்துக்கொள்ள நான் கொஞ்சம் இறங்கி வந்து பேசுகிறேன், பேச்சு முறிந்தால் நான் இறங்கி வந்ததை எனக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றத்தில் காட்டக்கூடாது என்பதுதான் அந்த இரண்டு சொல்லும் சொல்வது.

மாசாயில் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தம்பதியின் விவகாரத்தை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாமான் ரிந்திங்கில் மாடி வீடு. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்ட 46,000 வெள்ளிக்கு ஒரு குத்தகையாளரைப் பிடித்தார்கள். 34,000 கொடுத்தாயிற்று, பாக்கி 12,000. ஆண்டு முடிவு மழையில், புதுக் கூரை பழைய சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கியது. வேறொருவரை அழைத்துக் கேட்டால் பழுது பார்க்க 7,000 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே நாங்கள் தரவேண்டியது 5,000தான் என்பது இவர்கள் கட்சி. ஒழுக்கு உங்கள் பழைய சுவரின் வெடிப்பிலிருந்து வருகிறது, எனக்கு 12,000மும் வேண்டும் என்பது குத்தகையாளர் கட்சி.

அந்த அம்மாவுக்கு இழுத்துக்கொண்டு போக விருப்பமில்லை. "சார், எட்டாயிரம் கொடுத்து முடிச்சுக்கலாம்னு பாக்கறோம். அதையே அவருக்கு மெசேஜ் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார்.

எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் 'எட்டாயிரம் தருகிறேன், விட்டுவிடுங்கள்' என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? குத்தகையாளர் ஒத்துக்கொள்ளாமல் வழக்குப் போடுகிறார் என்று வையுங்கள். அந்தச் செய்தியை அச்செடுத்து, 'பாருங்கள், எட்டாயிரம் தரவேண்டும் என்று இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்பார். ஐயாயிரம்தான் என்று நீங்கள் வாதிடுவதற்கு முன்பே தராசு சாய்ந்துவிடும். இந்தப் பயம் இருந்தால் யாரும் சமரசம் பேச முன்வர மாட்டார்கள். அதனால்தான் நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் 1950-இன் 23-ஆம் பிரிவு, உரிமையியல் வழக்குகளில் ஒரு வழி வைத்திருக்கிறது. சாட்சியமாகக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு சொன்ன ஒப்புதலை ஏற்கமாட்டார்கள். அப்படி இரு தரப்பும் உடன்பட்டிருந்தார்கள் என்று சூழ்நிலையிலிருந்து நீதிமன்றம் ஊகிக்க முடிந்தாலும் ஏற்கமாட்டார்கள். தலைப்பு எழுதுவது முதல் வகை. தலைப்பை மறந்துவிட்டாலும் இரண்டாவது வகையில் வாதாட இடமுண்டு, ஆனால் அதற்குத் தனியாக ஒரு போராட்டம் நடத்தவேண்டும்.

தலைப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1999-இல் டுசுன் டெசாரு வழக்கில் உயர் நீதிமன்றம் இரண்டு நிபந்தனைகளைத் தெளிவாக்கியது. தரப்புகளுக்கிடையே உண்மையிலேயே தகராறு ஒன்று இருந்து பேச்சு நடக்கவேண்டும். அந்தக் கடிதத்தில் தகராறை முடிப்பதற்கான யோசனை இருக்கவேண்டும். ஆகவே, 'உங்களுக்கு 12,000 தரவேண்டியது உண்மை, மூன்று மாதம் தவணை கொடுங்கள்' என்று எழுதி அதன் தலையில் இந்த இரண்டு சொல்லைப் போட்டால் பயனில்லை. தொகையில் தகராறே இல்லையே! 2006-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையும் இப்படியொரு கடிதத்தை, தவணை கேட்டுக் கடனை ஒப்புக்கொண்ட கடிதம் என்று சொல்லி, சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. போதாக்குறைக்கு, கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் நம் காலவரம்புச் சட்டப்படி கடன்கொடுத்தவருக்கு ஆறாண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

கணவர் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடலாம் என்றார். ஒழுக்கின் படங்கள், 7,000 மதிப்பீடு, 8,000 யோசனை, எல்லாம். நான் வேண்டாம் என்றேன். ஒழுக்கைப் பற்றிய புகார் நாளைக்கு நீதிபதி படிக்கவேண்டிய கடிதம். எப்போது சொன்னோம், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தோம் என்பதற்கு அதுதான் ஆதாரம். அதன் தலையில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' போட்டால், நம் ஆதாரத்தை நாமே மூடி வைப்பதாக ஒரு வாதத்துக்கு இடம் கொடுக்கிறோம். ஆகவே கடிதம் இரண்டு. ஒன்று தலைப்பில்லாத திறந்த கடிதம்: படங்கள், மதிப்பீடு, 5,000 என்ற கணக்கு. அதில் எட்டாயிரம் என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது சமரசக் கடிதம். நாங்கள் மலாயில் எழுதியதன் சாரம் இது:

'பாதகமின்றி. நமக்குள் உள்ள தகராறைப் பேசி முடிக்கும் நோக்கத்தில் மட்டும் இதை எழுதுகிறேன். எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை. 8,000 வெள்ளி தந்து இரு தரப்புக் கோரிக்கைகளையும் முடித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இந்த யோசனை இன்றிலிருந்து 14 நாள் வரை மட்டுமே. இரு தரப்பும் உடன்படிக்கையில் கையெழுத்திடும் வரை இது யாரையும் கட்டுப்படுத்தாது. உடன்பாடு ஏற்படாவிட்டால், பழுதுச் செலவை நிலுவையிலிருந்து கழிக்கும் உரிமை, கூடுதல் இழப்பீடு கோரும் உரிமை உட்பட என் உரிமைகள் அனைத்தும் எனக்கே இருக்கும்.'

கடைசி வாக்கியம்தான் உரிமை நிறுத்திவைக்கும் வரி. தலைப்புக்கும் இதற்கும் வேலை வேறு. தலைப்பு, பேசிய பேச்சை நீதிமன்றத்திலிருந்து மறைக்கிறது. இந்த வரி, பேசினதாலோ பொறுத்திருந்ததாலோ பணத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டதாலோ நான் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் தலைப்பு வைக்கமுடியாத திறந்த கடிதத்திலும் இது இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எந்த உரிமை என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது. இல்லாத உரிமையை இந்த வரி உண்டாக்கித் தராது.

இந்த வரி எங்கே தோற்கும் என்பதற்குக் குத்தகையாளர் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். கணவர் பொறுமையிழந்து, 'முழுத் தீர்வாக' என்று எழுதி 5,000 வெள்ளிக் காசோலை ஒன்றை அனுப்பியிருந்தால்? வந்தது வரட்டும், மீதி 7,000-க்கு வழக்குப் போடலாம் என்று குத்தகையாளர் அதை வங்கியில் போடலாமா?

போட்டால் ஆபத்து. ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 64-ஆம் பிரிவு இதற்கு ஓர் எடுத்துக்காட்டே தருகிறது. 5,000 தரவேண்டியவர் 2,000 தர, மற்றவர் அதை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டால், முழுக் கடனும் தீர்ந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் பகுதிப் பணம் வெறுமனே முழுக் கடனைத் தீர்க்காது. இணையத்தில் ஆங்கிலப் புத்தக விளக்கத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

1966-இல் சட்டப் பதிப்புகளில் வந்த கெர்பா சிங், பாரியம் சிங் வழக்கை இங்கே எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். தீர்ப்புக் கடன் 8,000 வெள்ளிக்கு மேல். கடனாளியின் மகன் 4,000-க்குக் காசோலை வைத்து, அப்பாவின் கடனுக்கு முழுத் தீர்வாக இதை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காசோலையைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினார். கடன்கொடுத்தவரின் வழக்கறிஞர்கள் காசோலையை மாற்றிப் பணத்தை வைத்துக்கொண்டு, மீதிக்காக அப்பாவுக்குத் திவால் அறிவிப்பு அனுப்பினார்கள். கூட்டரசு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டபோதே நிபந்தனையையும் எடுத்துக்கொண்டாயிற்று, மீதியைக் கேட்க முடியாது.

ஆகவே அந்த நிலையில் இருக்கும் குத்தகையாளர், காசோலையை மாற்றிவிட்டு 'உரிமைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன' என்று ஒரு வரி எழுதினால் அதைப் பெரிதாக நம்பக்கூடாது. காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதைப் பகுதிப் பணமாக மட்டுமே ஏற்கமுடியும், சம்மதமா?' என்று முதலில் எழுதிக் கேட்கவேண்டும். சம்மதம் எழுத்தில் வந்தால் வங்கிக்குப் போகலாம். வராவிட்டால் திருப்பி அனுப்புவதுதான் சரி. வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து விழுந்த பணமானால், பார்த்த அன்றே மறுத்து எழுதித் திருப்பித் தரவேண்டும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு எழுதினால் நம்பமாட்டார்கள்.

தாமான் ரிந்திங் விவகாரம் 9,000-இல் முடிந்தது. குத்தகையாளரும் அதே தலைப்போடு பதில் போட, இரண்டு சுற்றுப் பேச்சு. முடிந்ததும் ஒரு பக்க உடன்படிக்கை எழுதினோம். அதன் தலையில் அந்த இரண்டு சொல் கிடையாது. நாளைக்கு ஒருவர் மீறினால் அதைத்தானே நீதிமன்றத்தில் காட்டவேண்டும்! சமரசக் கடிதங்களே ஓர் ஒப்பந்தத்தில் போய் முடிந்துவிட்டால், அந்த ஒப்பந்தத்தின் விதிகளை நிரூபிக்க அவற்றைக் காட்டலாம் என்று 1981-இல் மலாயன் பேங்கிங், ஃபூ சீ மோய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'தலைப்பு இருக்கிறதே, இது செல்லாது' என்று சம்மதித்த பிறகு பின்வாங்க முடியாது. 'கையெழுத்திடும் வரை கட்டுப்படுத்தாது' என்ற வாக்கியத்தை நம் கடிதத்தில் வைத்தது இதற்காகத்தான். இல்லாவிட்டால் குத்தகையாளரின் ஒற்றை 'சரி'யே ஒப்பந்தமாகியிருக்கும்.

உடன்படிக்கையில் அந்த அம்மா ஒன்றைக் கவனித்தார். 'எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று முதல் நகலில் இருந்தது. "அப்போ அடுத்த வருஷம் தரைக்கல்லு தூக்கினா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கூரை இணைப்பின் ஒழுக்கு, நிலுவைத் தொகை இரண்டைப் பற்றிய கோரிக்கைகள் மட்டும் தீர்ந்தன என்று திருத்தினோம். குத்தகையாளர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார்.

பேச்சு நடக்கும்போது எல்லாரும் மறப்பது நாள்காட்டியை. எத்தனை பாதுகாப்புச் சொற்கள் இருந்தாலும், சமரசக் கடிதங்கள் வந்துபோவதால் காலவரம்பு நிற்காது. ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் மூன்றே ஆண்டு. 'உரிமைகளை நிறுத்திவைக்கிறேன்' என்று எழுதியவர் அந்த நாளைத் தாண்டிவிட்டால், நிறுத்திவைத்ததை எடுத்துக்கொண்டு போக நீதிமன்றக் கதவு திறந்திருக்காது. நெருங்கிவிட்டால், பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும் என்று வழக்கைப் பதிந்துவிடுங்கள். பதிந்த பிறகும் பேசலாம், அதே தலைப்போடு.